19 நாள் மகனுக்கு நாக்கு ஒட்டி இரிக்கு, வெட்டிறதா விடுறதா?

"டொக்டர், நான் களுவாஞ்சிக்குடி. முதல் புள்ள, மகன், இண்டைக்கு 19 நாள். பொறக்கக்குள்ள 3.150 கிலோ, 5ஆம் நாள் 2.880, 12ஆம் நாள் 2.960, இண்டைக்கு 3.050. ஒரு மணித்தியாலம் குடிச்சாலும் விட்டவுடனே அழுறான். எனக்கு காம்பு ரெண்டும் வெடிச்சி ரத்தம் வருது, பால் குடுக்கிற நேரம் வந்தாலே பயமா இரிக்கு. மிட்வைஃப் அக்கா நாக்கு ஒட்டி இரிக்கு எண்டு காட்டினா. ஒரு இடத்தில காட்டினம், இண்டைக்கே லேசர்ல வெட்டலாம் எண்டாங்க. மாமி தேன் தடவி நாக்க இழுத்து விட்டா சரியாகும் எண்டுறா, இவர்ர அக்கா வெட்டாட்டி பேச்சு வராது எண்டுறா. என்ன செய்யிற டொக்டர்?"

தங்கச்சி, முதல்ல தேன் கதைய முடிச்சிட்டு வாறன், ஏனெண்டா அது இண்டைக்கே நிப்பாட்ட வேண்டிய ஒண்டு. ஒரு வயசு முடியிற வரைக்கும் தேன் புள்ளயிட நாக்கில தொட்டும் வைக்கக் கூடாது. தேனுக்குள்ள சில நேரம் ஒரு கிருமியிட வித்து இரிக்கும், அது நம்மளுக்கு ஒண்டும் செய்யாது, ஆனா சின்னப் புள்ளயிட குடலுக்குள்ள அது முளைச்சி விஷத்த விடும், அந்த விஷம் உடம்புத் தசையெல்லாத்தையும் சோர வெச்சிரும், உறிஞ்சிற பெலனே போயிரும். நாக்க இழுத்து விடுறதாலயும் அந்த சவ்வு நீளாது, விரல் பட்டு புண்தான் வரும். மாமி புள்ளயில பாசத்திலதான் சொல்றா, அத நல்ல மாதிரியா எடுத்துச் சொல்லுங்க.

இனி நிறைக்கு வருவம். நீங்க நாலு நிறையும் எழுதி அனுப்பினது பெரிய உதவி, கன பேர் "நிறை ஏறல்ல" எண்டு மட்டும்தான் எழுதுவாங்க. பொறந்து முதல் சில நாள்ல எல்லாப் புள்ளயும் நிறை குறையும், 100க்கு 7, 8 அளவு குறையிறது நாங்க வழமையா காணுறதுதான், 10க்கு மேல போனாத்தான் பயம். உங்கட மகன் 270 கிராம் குறைஞ்சிரிக்கான், அது 100க்கு எட்டரை அளவு, அதோட நிண்டிருந்தா நான் ஒண்டும் சொல்ல மாட்டன். ஆனா 10 இலிருந்து 14 நாளுக்குள்ள பொறந்த நிறைக்கு திரும்பி வந்திரிக்கணும், மறுகா ஒரு நாளைக்கு 20 இலிருந்து 30 கிராம் மாதிரி ஏறணும். இவன் 14 நாள்ல 170 கிராம்தான் ஏறியிரிக்கான், ஒரு நாளைக்கு 12 கிராம், 19 நாளாகியும் இன்னும் 100 கிராம் கடன் இரிக்கு. நிறை இறங்கல்ல, ஏறிக்கொண்டுதான் இரிக்கு, அதால இது ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்கு ஓடுற நிலைமை இல்ல, ஆனா "முதல் புள்ள அப்படித்தான், பாத்துக்கலாம்" எண்டு இன்னும் ஒரு மாசம் விடுற நிலைமையும் இல்ல. இந்தக் கிழமைக்குள்ள செய்ய வேண்டிய வேலை இரிக்கு.

நாக்குக்கு அடியில சவ்வு எல்லாருக்கும் இரிக்கு, உங்கட நாக்க தூக்கி கண்ணாடியில பாருங்க தெரியும். நம்மட ஆக்கள் அத நரம்பு எண்டுவாங்க, அது நரம்பு இல்ல, வாயிட அடித்தளத்தில இரிக்கிற ஒரு மெல்லிய மடிப்பு, நாக்கு மேல எழும்பக்குள்ள அது இழுபட்டு ஒரு கயிறு மாதிரி தெரியும். சில புள்ளைகளுக்கு அது நாக்கு நுனிக்கிட்ட வரைக்கும் வந்து ஒட்டியிரிக்கும், கட்டையாவும் தடிப்பாவும் இரிக்கும், புள்ள அழக்குள்ள நுனி மேல வராம நடுவால இழுபட்டு இதய வடிவத்தில நிக்கும். இதத்தான் டங் டை எண்டு சொல்றம். ஆனா சவ்வு தெரியிறதும் சவ்வால பால் குடிக்க ஏலாம இரிக்கிறதும் ரெண்டு வேற விஷயம், வெட்டிறதா இல்லையா எண்ட கேள்வி முழுக்க இந்த இடத்திலதான் நிக்குது. படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு தாய் கொண்டு வந்த மகளுக்கு நுனி வரைக்கும் ஒட்டு, அழக்குள்ள அச்சொட்டா இதய வடிவம், அவ மாசத்தில ஒரு கிலோவுக்கு கிட்ட ஏறியிருந்தா, தாய்க்கு ஒரு நோவும் இல்ல. நான் தொடவே இல்ல, அப்படியே அனுப்பினன்.

புள்ள எப்படி பால் எடுக்குது எண்டு விளங்கினா மிச்சமெல்லாம் உங்களுக்கே விளங்கும். காம்ப கடிச்சி பிழியிறதில்ல அது. வாய அகலமா திறந்து, காம்போட சேத்து கறுப்பு வட்டத்திலயும் கனக்க உள்ள எடுக்கும், நாக்கு கீழ் முரசுக்கு மேலால நீண்டு வந்து மார்புக்கு அடியில தட்டு மாதிரி நிக்கும், மறுகா நாக்கிட நடுப்பகுதி கீழ இறங்கும். அப்ப வாய்க்குள்ள வெற்றிடம் உண்டாகும், சிரிஞ்சில உள்தண்ட பின்னால இழுத்தா மருந்து ஏறுற மாதிரி பால் உள்ள வரும். நாக்கு முன்னுக்கு நீள ஏலாட்டி கீழ் முரசு மூடுப்படாது, முரசு நேர காம்பில இறங்கும், நாக்கு கீழ இறங்கவும் ஏலாட்டி வெற்றிடம் வராது, அப்ப புள்ள விழுந்திராம இரிக்க முரசால கடிச்சி பிடிக்கும். உங்கட வெடிப்பும் ரத்தமும் இப்படி வந்திரிக்கலாம், ஒரு மணித்தியாலம் குடிச்சும் பசியோட எழும்புறதும் இதால இரிக்கலாம்.

இரிக்கலாம் எண்டு சொல்றன், இதாலதான் எண்டு சொல்லல்ல. ஏனெண்டா வாய சின்னதா திறந்து காம்பில மட்டும் பிடிக்கிற புள்ளைக்கும், நாக்கு ஒட்டே இல்லாட்டியும், இதே வெடிப்பு, இதே அழுக, இதே நிறைதான் வரும். ரெண்டையும் பிரிச்சுப் பாக்க புள்ள பால் குடிக்கிறத ஒருவர் பக்கத்தில இருந்து முழுசா பாக்கணும். உங்களுக்கு லேசர் சொன்ன இடத்தில அத பாத்தாங்களா? நீங்க எழுதல்ல. வாயத் திறந்து டோர்ச் அடிச்சி பாத்துட்டு மட்டும் சொன்னா அது பாதி சோதனைதான். 2019ல அமெரிக்காவில ஒரு ஆஸ்பத்திரியில நாக்கு வெட்ட எண்டு அனுப்பின 115 புள்ளைகள, வெட்டிறதுக்கு முதல் பால் குடிக்கிற முறைய முழுசா பாத்து திருத்திப் பாத்தாங்க, அதில 100க்கு 63 பேருக்கு மட்டில வெட்டாமலே விட்டாங்க. மிச்சப் பேருக்கு வெட்ட வேண்டித்தான் இருந்திச்சி, அதையும் மறக்காதங்க.

நான் பாத்த ஒரு கதையும் சொல்றன். வாழைச்சேனைப் பக்கம் ஒரு தாய், புள்ளைக்கு 4 கிழமை, வேற ஒரு இடத்தில ஏற்கனவே வெட்டியாச்சி, ஆனா வெட்டி 10 நாளாகியும் நோவு ஒரு பங்கும் குறையல்ல, திரும்ப ஒட்டிட்டு போல இன்னொருக்கா வெட்டணுமா எண்டு கேட்டு வந்தா. நாக்கு நல்லா எழும்புது, நல்லா நீளுது. பால் குடுங்க பாப்பம் எண்டன். புள்ளய மல்லாக்க மடியில போட்டு, கழுத்த மட்டும் பக்கத்துக்கு திருப்பி, அவ குனிஞ்சி மார்ப கொண்டு போய் வாய்க்குள்ள வெச்சா. நீங்க தோளுக்கு மேலால பாத்துக்கொண்டு தண்ணி குடிச்சிப் பாருங்க, விழுங்க ஏலுதா எண்டு. புள்ளயிட வயிறு தாயிட வயித்தோட ஒட்ட, காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில வர திருப்பி, மூக்குக்கு நேர காம்ப வெச்சி, வாய் கொட்டாவி விடுற அளவுக்கு திறக்கிற வரைக்கும் காத்திருந்து, அந்த நேரம் புள்ளய மார்புக்கு கொண்டு வந்தம், நாடி மார்பில புதைஞ்சிச்சி. அவட முகமே மாறிட்டு. அந்தப் புள்ளைக்கு முதல் வெட்டே தேவைப்பட்டிச்சா எண்டு இனி ஒருத்தராலயும் சொல்ல ஏலாது.

அதால உங்களுக்கு நான் சொல்றது, இண்டையிலிருந்து 4, 5 நாள் இந்த மாதிரி பிடிப்ப திருத்திப் பாருங்க, தனிய இல்ல, மிட்வைஃப் அக்காவ கூப்பிட்டு அல்லது தாய்ப்பால் குடுக்கப் பழக்கிற பிரிவு இரிக்கிற பெரிய ஆஸ்பத்திரியில போய். அதோட ஒவ்வொருக்கா குடுத்து முடியவும் கையால பால் பிழிஞ்சி, 20, 30 மில்லி மாதிரி கோப்பையால அல்லது கரண்டியால குடுங்க, போத்தில் வேணாம். இது ரெண்டு வேலைக்கு. ஒண்டு, அவன்ட நிறை இப்பவே ஏறணும். மற்றது உங்கட பால். மார்பில பால் தங்கி நிண்டா உடம்பு "இவ்வளவு தேவையில்ல" எண்டு நினைச்சி உற்பத்திய குறைச்சிரும், முதல் சில கிழமையிலதான் அந்த அளவு நிலைக்குது, புள்ளயால முழுசா எடுக்க ஏலாத நேரம் உங்கட கைதான் எடுக்கணும். நாக்கு ஒட்டால புள்ள பால விடுறத விட, அதால தாயிட பால் வத்திப் போறதத்தான் நான் கூடக் கண்டிரிக்கன். வெடிப்பு இரிக்கிற பக்கம் தாங்கவே ஏலாட்டி ஒரு நாள் ரெண்டு நாள் அந்தப் பக்கம் பிழிஞ்சி மட்டும் குடுங்க, பிழையில்ல.

அந்த 4, 5 நாளும் மூண்டு விஷயத்த கவனிங்க. குடிச்சி விட்டவுடனே காம்ப பாருங்க, உருண்டையா வந்தா சரி, ஒரு பக்கம் சரிஞ்சி புது லிப்ஸ்டிக் நுனி மாதிரி தட்டையா, அல்லது வெள்ளையா வந்தா இன்னும் நசிபடுது எண்டு அர்த்தம். குடிக்கக்குள்ள விழுங்கிற சத்தத்த கேளுங்க, பால் இறங்கினதுக்கு மறுகா ஒண்டு ரெண்டு தரம் உறிஞ்சினா ஒரு விழுங்கல் வரணும், "டிக் டிக்" எண்டு சத்தம் வந்தா வெற்றிடம் உடைஞ்சி உடைஞ்சி போகுது. மூணாவது, ஒரு நாளைக்கு 6 தரமாவது நல்லா ஈரமா சலம் போகணும், மலம் மஞ்சளா போகணும். 5ஆம் நாள் அதே தராசில, உடுப்பில்லாம நிறுங்க. தராசு மாறினா கணக்கும் மாறிப் போகும். ஆஸ்பத்திரியில சின்னக் கிராமும் காட்டுற டிஜிட்டல் தராசு இருந்தா பால் குடுக்க முதலும் குடுத்த பிறகும் அதே உடுப்போட நிறுத்துப் பாக்கலாம், கூடின கிராம்தான் அவன் குடிச்ச மில்லி, 45 நிமிஷத்தில 15 கிராம் மட்டும் கூடியிருந்தா எனக்கு வேற சாட்சி தேவையில்ல.

பிடிப்பு நல்லா இருந்தும் காம்பு நசிஞ்சி வந்து, அவன் தானா எடுக்கிற பாலும் காணாம இருந்தா, அப்ப வெட்டுறதுக்கு நான் பின்நிக்க மாட்டன். நீங்க எழுதினத வெச்சி, நுனி வரைக்கும் ஒட்டு எண்டா, அந்தப் பக்கம்தான் சாயும் எண்டு எனக்கு மனசில படுது. முடிவெடுக்கக்குள்ள நாங்க நாலு இடம் பாப்பம். நுனியிட வடிவம் என்ன, சவ்வு கீழ் முரசில எங்க ஒட்டியிரிக்கு, அழக்குள்ள நாக்கு எவ்வளவு மேல எழும்புது, கீழ் உதட்டத் தாண்டி நீளுதா. ஒவ்வொண்டுக்கும் 0 இலிருந்து 2 புள்ளி, மொத்தம் 8, பிரிஸ்டல் ஸ்கோர் எண்டு பேர். 3 அல்லது அதுக்கு கீழ எண்டா நாக்கு நல்லா கட்டுப்பட்டிரிக்கு எண்டு அர்த்தம். ஆனா புள்ளிய மட்டும் வெச்சி ஒருவரும் வெட்டக் கூடாது, படுவான்கரைப் புள்ளைக்கும் புள்ளி குறைவுதான்.

வெட்டினா என்ன கிடைக்கும் எண்டும் நேர்மையா சொல்லணும். 2017ல கொக்ரேன் எண்ட ஆய்வுத் தொகுப்பில 5 ஆய்வு, 302 புள்ளைகள சேத்துப் பாத்தாங்க. தாயிட காம்பு நோவு கொஞ்ச நாளுக்குள்ள குறைஞ்சது தெளிவா தெரிஞ்சிச்சி, ஆனா புள்ள பால் குடிக்கிற விதம் எல்லா ஆய்விலயும் ஒரே மாதிரி நல்லா வந்திச்சி எண்டு காட்ட ஏலாம போயிட்டு. ஆய்வுகளும் சின்னது. அதால நோவும் நசிபடுறதும் முக்கிய பிரச்சினையா இரிக்கிற தாய்க்கு வெட்டு கூட உதவும், நிறை மட்டும் பிரச்சினை எண்டா வெட்டிட்டு சும்மா இருக்க ஏலாது, பிழிஞ்சி குடுக்கிறத தொடர்ந்து செய்யணும்.

செய்யிற முறை பெரிய ஒப்பரேஷன் இல்ல. இந்த வயசில மயக்கம் தேவையில்ல. புள்ளய துணியால இறுக்கமா சுத்தி, ஒருவர் தலைய பிடிக்க, மற்றவர் நாக்க மேல தூக்கி, முனை மழுங்கின கத்தரிக்கோலால வெள்ளையா மெல்லிசா இரிக்கிற பகுதிய மட்டும் வெட்டுவாங்க, சில செக்கன்தான். நாக்குக்கு கீழ ரெண்டு பக்கமும் உமிழ்நீர் வாற சின்னத் துவாரம் இரிக்கு, அதுல படாம இரிக்கணும், அதாலதான் பழகின கை வேணும் எண்டுறன். சில துளி ரத்தம் வரும், துணியால அமத்திப் பிடிச்சி உடனே உங்கட மார்பில போடுவம், குடிக்கக்குள்ளயே நிண்டிரும். லேசர் எண்டா கூட நல்லம் எண்டு நினைச்சி காசு கட்ட வேணாம், கத்தரிக்கோல விட அது திறம் எண்டு ஆய்வுகள் காட்டல்ல.

வெட்ட முதல் ரெண்டு கேள்விக்கு பதில் வேணும். பொறந்த உடனே துடையில விட்டமின் கே ஊசி போட்டதா, கிளினிக் கார்டில இரிக்கும் பாருங்க. மற்றது ரெண்டு பக்கக் குடும்பத்திலயும் பல் புடுங்கி அல்லது சுன்னத்து மாதிரி சின்ன வெட்டுக்கு ரத்தம் நிக்காம போன ஆக்கள் இரிக்காங்களா. இதுக்கு ஓம் எண்டா ரத்தச் சோதனை செய்யாம கை வைக்க விடாதங்க. நாடி வழமைக்கு சின்னதா பின்னுக்கு போன புள்ள, உடம்பு துவண்டு இரிக்கிற புள்ள, அண்ணத்தில பிளவு இரிக்கிற புள்ள, இவங்களுக்கு நாக்கு ஒட்டு பிரச்சினையிட காரணமா இருக்காது, வெட்டினா சில நேரம் நாக்கு பின்னால விழுந்து மூச்சுக்கும் கஷ்டமாகும். அண்ணத்த விரலால தடவிப் பாக்காம ஒருவரும் முடிவு சொல்லக் கூடாது.

வெட்டின இடத்தில ரெண்டாம் நாள் வெள்ளையா, மஞ்சளா ஒரு படலம் வரும், அது சீழ் இல்ல, வாய்ப்புண் ஆறுற விதம் அப்படித்தான், ஒண்டு ரெண்டு கிழமையில போயிரும். தேய்ச்சி விட வேணாம். ஒவ்வொரு 4 மணித்தியாலத்துக்கும் விரல வெச்சி இழுத்து விடச் சொல்லி சில இடத்தில சொல்றாங்க, அது திரும்ப ஒட்டாம தடுக்கும் எண்டதுக்கு நல்ல ஆதாரம் இல்ல, புள்ள வாய்க்கிட்ட என்ன வந்தாலும் முகத்த திருப்பப் பழகிரும், மார்பயும் சேத்து. பால் குடிக்கிறதே காணும் பயிற்சிக்கு. நோவு சில தாய்மாருக்கு அந்த நேரமே குறையும், சிலருக்கு கிழமை எடுக்கும், 19 நாள் கடிச்சிப் பழகின வாய் புதுசா பழகணும்தானே. ஒரு கிழமை, ரெண்டு கிழமையாகியும் ஒண்டும் மாறல்ல எண்டா காரணம் வேற எங்கயோ இரிக்கு, அத தேடணும், உடனே ரெண்டாவது வெட்டுக்கு போகாதங்க.

அவர்ர அக்காவுக்கு ஒரு பதில். நாக்கு ஒட்டால கதைக்கத் தொடங்குறது பிந்தாது. பேச்சு பிந்தினா காதுதான் முதல்ல சோதிக்கணும். கட்டு கூடின சில புள்ளைகளுக்கு ல, ர, ழ மாதிரி நுனி எழும்ப வேண்டிய எழுத்து தெளிவில்லாம வரலாம், அது 3, 4 வயசில கேட்டுப் பாத்து, அப்ப முடிவெடுக்கிற விஷயம். பேச்சுக்காக முன்கூட்டியே 19 நாளில வெட்டத் தேவையில்ல. இப்ப வெட்டினா அது பாலுக்காக மட்டும்தான்.

இந்த நாட்களுக்குள்ள அவன் பாலுக்கு எழும்பாம தூங்கிக்கொண்டே இருந்தா, சலம் 4 தரத்துக்கு கீழ போனா, கண்ணும் உடம்பும் மஞ்சளானா, காய்ச்சல் வந்தா, குடிக்கக்குள்ள வேர்த்து மூச்சு வாங்கினா, 5 நாள் கணக்கெல்லாம் பாக்காம உடனே களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க. இல்லாட்டி 5ஆம் நாள் நிறையையும், காம்பு எந்த வடிவத்தில வருது எண்டதையும் ஒரு தாளில எழுதி எடுத்துக்கொண்டு, களுவாஞ்சிக்குடியிலயோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலயோ குழந்தை வைத்தியர்ர கிளினிக்குக்கு போங்க. போகக்குள்ள வழியில பால் குடுத்து அமத்தி தூங்க வெச்சி கொண்டு போக வேணாம், கொஞ்சம் பசியோட கொண்டு போங்க. அவன் குடிக்கிறத பாக்கணும் எண்டு நீங்களே கேளுங்க.